தங்கச்சியின் கலியாணமும் நான்காம் அத்தியாயமும்: மேற்பார்வையாளருக்கு ஒரு விடுமுறைக் கடிதம்

"நான் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணி ஆய்வு செய்கிறேன். ஐந்து அத்தியாயத்தில் மூன்று முடிந்துவிட்டது. ஓகஸ்ட் 31 இல் நான்காம் அத்தியாயம் தருவதாகச் சேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒக்டோபர் 30 இற்குள் ஆய்வேட்டைக் கையளிக்க வேண்டும். இடையில் ஓகஸ்ட் 24 திருக்கோவிலில் தங்கச்சிக்குக் கலியாணம். அப்பா இல்லை, நான்தான் மூத்தவன். பத்து நாளாவது வீட்டில் நிற்க வேண்டும். சேருக்கு எப்படி எழுதுவது? ஆய்வில் அக்கறை இல்லாதவன் என்று நினைத்துவிடுவாரோ?"

அப்படி நினைக்கமாட்டார். எங்கள் பகுதியில் பெண் வீட்டில்தான் கலியாணம், மாப்பிள்ளை வந்து சேர்வதும் அந்த வீட்டுக்குத்தான். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த ஆண்பிள்ளைக்கு என்ன வேலை கிடக்கும் என்பது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வளர்ந்த எந்த விரிவுரையாளருக்கும் தெரியும். பொன்னுருக்கலுக்கு முன்னமே தொடங்கி நாலாம் சடங்கு முடியும்வரை நீங்கள் அங்கே நிற்கத்தான் வேண்டும். பத்து நாள் கேட்பதில் பிழையே இல்லை.

பிழை வருகிற இடம் வேறு. பல வருடம் ஆய்வு மாணவர்களின் கடிதங்களை வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேற்பார்வையாளர் அந்தக் கடிதத்தில் முதலில் தேடுவது நீங்கள் போகும் நாட்களை அல்ல, அடுத்த அத்தியாயம் தன் மேசைக்கு வரும் நாளைத்தான். அவர் தன் வாசிப்பு நேரத்தை அந்த நாளை வைத்துத்தான் ஒதுக்கியிருப்பார்.

ஒருமுறை என்னிடம் அரைத்தாளில் ஒரு கடிதம் வந்தது. "குடும்ப நிகழ்வு ஒன்றின் காரணமாகச் சில நாட்கள் வரமுடியாதிருக்கும் என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன்." அவ்வளவுதான். எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று இல்லை, தருவதாகச் சொன்ன அத்தியாயம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த அத்தியாயத்தை வாசிக்கவென்று ஒரு கிழமையை ஒதுக்கி வைத்திருந்தேன். அந்தக் கிழமை வெறுமனே போனது. பிள்ளை திரும்பி வந்து அத்தியாயத்தைத் தந்தபோது என் மேசையில் இரண்டு கட்டுப் பரீட்சை விடைத்தாள்கள் கிடந்தன. அவற்றைத் திருத்தி முடித்து, அத்தியாயத்தை எடுத்து, குறிப்பெழுதிக் கொடுக்க ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. அந்தப் பிள்ளை எடுத்த விடுமுறை ஆறு நாள். இழந்தது ஐந்து கிழமை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வருந்துகிறது. கடிதத்தில் இன்னும் இரண்டு வரி இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

ஆகவே உங்கள் பத்து நாளையும் சேர் உங்கள் அத்தியாயத்தை வாசிக்கும் நாட்களின்மேல் பொருத்தி வையுங்கள். நீங்கள் கலியாண வீட்டில் நிற்கும்போது உங்கள் எழுத்து அவர் மேசையில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கடிதத்தைத் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்துக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எழுதிப் பாருங்கள். ஒக்டோபர் 30 வெள்ளிக்கிழமை கையளிப்பு. அதற்கு முந்திய இரண்டு கிழமையை எழுத்து வேலைக்கென்று எண்ணவே வேண்டாம். பக்க ஒழுங்கு, உசாத்துணைப் பட்டியல், டேர்னிட்டின் சோதனை, அச்சு, கட்டுதல், கையொப்பங்கள் என்று அது கரைந்துவிடும். கையொப்பம் போடவேண்டியவர் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தால் அதிலேயே மூன்று நாள் போகும். அப்படியென்றால் ஒக்டோபர் 16 அளவில் முழு ஆய்வேட்டுக்கும் சேரின் கடைசிச் சம்மதம் கிடைத்திருக்க வேண்டும். முழுவதையும் வாசிக்க அவருக்கு இரண்டரைக் கிழமை கொடுத்தால், செப்டெம்பர் 28 திங்கட்கிழமை முழுப் பிரதியும் அவர் கையில் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு கிழமைக்கு முன், செப்டெம்பர் 14 இல், நான்காம் அத்தியாயத்துக்கான திருத்தங்கள் உங்கள் கைக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும்.

உங்கள் பழைய திட்டமும் இதுதான். ஓகஸ்ட் 31 இல் கொடுத்து, இரண்டு கிழமை வாசிக்க விட்டு, செப்டெம்பர் 14 இல் திரும்பப் பெறுவது. அதனால் கலியாணத்தால் நகரக்கூடாத நாள் செப்டெம்பர் 14. ஓகஸ்ட் 31 அல்ல. பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தாங்கள் சொன்ன கையளிப்பு நாளைக் காப்பாற்றப் பார்த்து, முடியாமல்போய், "ஒரு பத்து நாள் தள்ளித் தரட்டுமா சேர்" என்று கேட்கிறார்கள். பத்து நாள் தள்ளினால் செப்டெம்பர் 10 இல் கொடுப்பீர்கள், 24 இல் திரும்பி வரும், முழுப் பிரதிக்கு மிஞ்சுவது நாலே நாள். அதோடு செப்டெம்பர் நடுவில் சேருக்கு வேறு வேலை இருந்தால் ஒக்டோபர் 30 போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு வழி அத்தியாயத்தைப் பிரித்துக் கொடுப்பது. உங்கள் நான்காம் அத்தியாயம் எத்தனை பகுதி என்று நீங்கள் எழுதவில்லை. தரவுப் பகுப்பாய்வு அத்தியாயம் என்பதால் நாலு பகுதி என்று வைத்துக்கொள்கிறேன். ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் 31 வரை ஏழு கிழமை இருந்தது, நாலு பகுதி எழுதுவதாக இருந்தீர்கள். ஓகஸ்ட் 17 திங்கட்கிழமைக்குள் ஐந்து கிழமைதான் உண்டு, அதற்குள் மூன்று பகுதி எழுதலாம். வேகத்தைப் பெரிதாகக் கூட்ட வேண்டியதில்லை. கடைசியாக விடும் நாலாம் பகுதி நாலிலும் சிறியதாக இருக்கட்டும். அதற்கான அட்டவணைகளை மட்டும் போகுமுன் முடித்து, மூன்று பகுதியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அப்போது சேருக்கு அத்தியாயத்தின் முழு உருவமும் தெரியும். நீங்கள் திரும்பி வந்து ஒரு கிழமையில் அந்த அட்டவணைகளுக்கு விளக்கம் எழுதி, செப்டெம்பர் 7 இல் கொடுப்பீர்கள். சிறு பகுதிதானே, ஒரு கிழமையில் அவர் பார்த்துவிடலாம். செப்டெம்பர் 14 இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதில் உங்களுக்கு இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ஐந்தாம் அத்தியாயத்தை எழுத நாலு கிழமை வைத்திருந்தீர்கள், இப்போது மூன்றுதான் இருக்கும். இதைச் சேரிடம் மறைக்க வேண்டாம், கடிதத்திலேயே சொல்லுங்கள். எல்லாம் வழமைபோல் நடக்கும் என்று எழுதும் கடிதத்தைவிட, இந்த இடத்தில் ஒரு கிழமை குறைகிறது, இப்படிச் சமாளிக்கிறேன் என்று எழுதும் கடிதத்தைத்தான் மேற்பார்வையாளர் நம்புவார்.

எழுதுமுன் ஒருதரம் நேரில் போய்ப் பேசுங்கள். கடிதம் நம் ஊரில் பேசி முடித்ததைப் பதிவதற்கு. திடீரென்று கையில் கடிதம் வந்தால், அறைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற எண்ணம்தான் முதலில் வரும். அந்தச் சந்திப்பில் மறக்காமல் கேட்க வேண்டியது ஒன்று: "ஓகஸ்ட் 17 முதல் 31 வரை சேர் இங்கே நிற்பீங்களா?" அந்த இரண்டு கிழமையும் அவர் வெளிநாடு போவதாக இருந்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். அப்போது 10 ஆம் திகதியே இரண்டு பகுதி கொடுப்பது போல வேறு கணக்குப் போட வேண்டும். நாள் குறிக்கும்போது நாட்காட்டியையும் பாருங்கள். ஓகஸ்ட் 12 ஆடி அமாவாசை, மாமாங்கத் தீர்த்தம். அன்றைக்கு மட்டக்களப்பில் யாரிடமும் எதையும் கொடுக்க நினைக்க வேண்டாம். கலியாணக் கிழமைக்குள் போயாவும் வருகிறது.

பேசிய பிறகு, ஐந்து கிழமைக்கு முன்பே, கடிதம் இப்படி இருக்கலாம். துறையில் ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கம் என்றால் இதே ஒழுங்கில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

………………… (பெயர், பதிவு இலக்கம்)
முதுதத்துவமாணி ஆய்வு மாணவன்
………………… துறை
2026.07.13

கலாநிதி …………………
ஆய்வு மேற்பார்வையாளர்
………………… துறை

மதிப்பிற்குரிய சேர்,

2026 ஓகஸ்ட் 19 முதல் 28 வரை விடுமுறை கோரல்

கடந்த வெள்ளிக்கிழமை தங்களிடம் நேரில் தெரிவித்தபடி, எனது தங்கையின் திருமணம் 2026 ஓகஸ்ட் 24 திங்கட்கிழமை திருக்கோவிலில் எமது வீட்டில் நடைபெறவுள்ளது. தந்தையார் இல்லாத நிலையில் மூத்த சகோதரன் என்ற முறையில் ஏற்பாடுகளை நானே பொறுப்பேற்க வேண்டியுள்ளதால், ஓகஸ்ட் 19 புதன்கிழமை முதல் 28 வெள்ளிக்கிழமை வரை பத்து நாட்கள் விடுமுறை வழங்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஓகஸ்ட் 31 திங்கட்கிழமை துறைக்குத் திரும்புவேன்.

நான்காம் அத்தியாயத்தை ஓகஸ்ட் 31 இல் கையளிப்பதாக இருந்தது. அதற்குப் பதிலாக 4.1, 4.2, 4.3 ஆகிய பகுதிகளையும் 4.4 இற்குரிய அட்டவணைகளையும் ஓகஸ்ட் 17 திங்கட்கிழமை தங்களிடம் ஒப்படைப்பேன். 4.4 இன் எழுத்துப் பகுதியைச் செப்டெம்பர் 7 இல் தருவேன். அத்தியாயம் முழுவதற்குமான தங்கள் திருத்தங்கள், முன்னர் திட்டமிட்டபடி செப்டெம்பர் 14 இல் கிடைத்தால் போதுமானது.

இதனால் ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஒதுக்கிய காலத்தில் ஒரு கிழமை குறையும். அதன் முதற்பகுதிக்கான குறிப்புகளைப் போவதற்கு முன்பே தயார்செய்து வைப்பேன். முழுப் பிரதியைத் தங்களிடம் தரும் நாளிலோ (செப்டெம்பர் 28), ஆய்வேட்டைக் கையளிக்கும் நாளிலோ (ஒக்டோபர் 30) மாற்றம் எதையும் கோரவில்லை.

ஓகஸ்ட் 23, 24, 25 தவிர்ந்த நாட்களில் மாலை ஏழு மணிக்குப் பின் தொலைபேசியில் என்னைத் தொடர்புகொள்ளலாம். மேற்கூறிய நாட்களில் தங்களுக்கு ஏதேனும் பொருந்தாவிடின், அதற்கேற்பத் திட்டத்தை மாற்றியமைக்கிறேன்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
…………………

இக்கடிதத்தில் காரணம் சொல்வதற்கு ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. வீட்டுக்குப் பூச்சு முடியவில்லை, பந்தல்காரன் இன்னும் சரிவரவில்லை, மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சில்லை என்பதெல்லாம் உண்மையாக இருந்தாலும் கடிதத்துக்கு உரியவை அல்ல. காரணத்தை நீட்டி எழுதினால் அனுமதி கிடைக்காதோ என்ற பயம்தான் அதில் தெரியும். நாட்களைப் பற்றிய பந்தியை விரிவாக எழுதுங்கள்.

"ஓகஸ்ட் 30 வரை" என்று எழுதாமல் "28 வெள்ளி வரை, 31 திங்கள் திரும்புவேன்" என்று எழுதியதைக் கவனியுங்கள். சனி ஞாயிறு கடைசியில் வரும்போது எந்த நாளில் விடுமுறை முடிகிறது என்று குழப்பம் வரும். திரும்பும் நாளைத் தனியாகச் சொன்னால் அது வராது.

சொற்களிலும் கவனம் வேண்டும். நீங்கள் கேட்பது விடுமுறை. "கால நீடிப்பு" என்ற சொல்லோ "ஆய்வை இடைநிறுத்த" என்ற சொல்லோ உங்கள் கடிதத்தில் வரவே கூடாது. அவை பதிவோடு தொடர்புடையவை. மேற்பார்வையாளர் தனியாகத் தீர்மானிக்கும் விடயங்கள் அல்ல, குழுவுக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் போகிறவை. "ஆய்வுப் பணியைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க அனுமதி கோருகிறேன்" என்று பணிவுக்காக எழுதிய ஒரு கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் கேட்டது ஒரு கிழமை லீவு. பிரதி ஒன்று அலுவலகத்துக்குப் போய், பதிவை இடைநிறுத்துவதாக எடுத்துக்கொண்டு படிவம் அனுப்பிவிட்டார்கள். அதை விளக்கித் தீர்க்க அவர் மூன்று தரம் அலைந்தார்.

"வீட்டிலிருந்தும் எழுதுவேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கலியாண வீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பகுப்பாய்வு எழுத முடியாது. உங்களுக்கும் தெரியும், சேருக்கும் தெரியும். நிறைவேறாத அந்த வாக்கு, பிறகு 17 ஆம் திகதி பற்றி நீங்கள் சொன்னதையும் சந்தேகிக்க வைக்கும். 23, 24, 25 இல் தொடர்புகொள்ள முடியாது என்று கடிதத்தில் வெளிப்படையாகவே வைத்திருப்பது இதற்காகத்தான்.

பிரதி யாருக்கு என்பது உங்கள் நிலையைப் பொறுத்தது. ஆய்வு மாணவன் மட்டும் என்றால் மேற்பார்வையாளருக்கு எழுதினால் போதும். ஆய்வு உதவியாளராகக் கொடுப்பனவு வாங்குகிறீர்கள், அல்லது முதலாம் வருட மாணவருக்கு வகுப்பெடுக்கிறீர்கள் என்றால், துறைத்தலைவருக்குத் தனியாக ஒரு கடிதம் போக வேண்டும், உங்கள் வகுப்பை யார் பார்ப்பார் என்பதோடு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் அத்தியாயத் திகதிகளைத் துறைத்தலைவர் வாசிப்பார், வகுப்புப் பிரச்சினையைச் சேர் வாசிப்பார். இருவருக்கும் தேவையானது கண்ணில் படாது. விவசாயம் அல்லது விஞ்ஞான பீடத்தில் வயற்பாத்தியோ வளர்ப்புத் தொட்டியோ வைத்திருப்பவர்கள் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும்: அந்தப் பத்து நாளும் தண்ணீர் விடுவது யார், வாசிப்பை எடுத்து எழுதுவது யார் என்று. எழுதுமுன் அந்த நபரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது அழைப்பிதழ். கடிதத்தோடு கலியாணக் காட்டையும் சேர்த்து நீட்டாதீர்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. காட் கையில் வந்த பிறகு, "அந்தக் கிழமை எனக்குச் சரிவராது, 17 இற்குப் பதில் 14 இல் தரமுடியுமா" என்று சேரால் மனம்விட்டுச் சொல்ல முடியாது. மறுத்தால் மங்கள காரியத்துக்குத் தடை சொன்னதுபோல் ஆகிவிடும். அவர் சும்மா தலையாட்டுவார், பிறகு வாசிக்க நேரம் இல்லாமல் போகும். விடுமுறை விடயம் முடிந்து ஒரு கிழமை போகட்டும். அம்மாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், முறைப்படி வெற்றிலை வைத்துச் சொல்லுங்கள். அது வேறு உறவு, அதற்குரிய மரியாதையோடு தனியாக நடக்கட்டும்.

பதில் எப்படி வருகிறது என்று பாருங்கள். "ஒண்ணும் பிரச்சினையில்ல, போயிற்று வாங்க" என்று வாயால் சொன்னால் அது மனதார வந்த சம்மதம். ஆனாலும் அன்று பின்னேரமே ஒரு சிறு மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று தாங்கள் அனுமதித்தபடி ஓகஸ்ட் 17 இல் 4.1 முதல் 4.3 வரை தருவேன், செப்டெம்பர் 14 இல் திருத்தங்களைப் பெற்றுக்கொள்வேன்." இரண்டு மாதம் கழித்து யாருக்கும் திகதி நினைவிருக்காது. மாறாக, "கடிதம் கிடைத்தது" என்று மட்டும் வந்தாலோ, "பார்ப்போம்" என்று சொன்னாலோ, ஏதோ ஒரு நாள் அவருக்குப் பொருந்தவில்லை. லீவு தருவீங்களா என்று திரும்பக் கேட்க வேண்டாம். "சேர், 17 ஆம் திகதியா சரிவரல்ல, 14 ஆம் திகதியா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் செப்டெம்பர் 14 தான் அவருக்கு நெருக்கமாக இருக்கும். அப்படியென்றால் 4.4 ஐ முதலில் எழுதி, வேறொரு பகுதியைப் பின்னுக்கு விடலாமா என்று அவரிடமே கேட்கலாம்.

ஓகஸ்ட் 10 அளவில் மூன்று பகுதியும் முடியாது என்று தெரிந்தால் 17 வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முடிந்த இரண்டு பகுதியை 17 இல் கொடுங்கள், மூன்றாவதை 4.4 ஓடு சேர்த்துச் செப்டெம்பர் 7 இற்கு நகர்த்துங்கள். சேர் வாசிக்கும் கிழமை வெறுமையாகப் போகாமல் இருப்பதுதான் முக்கியம். அரைகுறையாக மூன்றையும் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனால், அவர் அதைத் திருத்துவதில் காலத்தைச் செலவழிப்பார், நீங்கள் திரும்பி வந்து அதையே மீண்டும் எழுதுவீர்கள்.

துக்க வீடு என்றால் இந்த முறை எதுவும் பொருந்தாது. அன்றைக்கே ஒரு தொலைபேசி அழைப்பு, நீங்கள் பேசமுடியாவிட்டால் நண்பர் ஒருவர் மூலம். கடிதம் திரும்பி வந்த பிறகு எழுதலாம். ஆனால் 31 ஆம் நாள் கிரியை எப்போது வரும் என்று அப்போதே தெரியும் அல்லவா, அதற்குரிய இரண்டு மூன்று நாளை அந்தக் கடிதத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

ஓகஸ்ட் 31 காலை முதல் பஸ்ஸில் வந்து சேரின் அறைக்குப் போங்கள். கலியாணப் பலகாரம் கொண்டுபோவீர்கள், அவரும் கலியாணக் கதை கேட்பார். எழும்புமுன் 4.1 முதல் 4.3 வரை அவர் குறிப்பெழுதிய பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இன்னும் வாசித்து முடியவில்லை என்றால் முடிந்த பக்கங்களை மட்டுமாவது வாங்கிக்கொண்டு, 4.4 ஐ ஏழாம் திகதி காலை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.